ஒரே மழையில் வெடித்த தக்காளி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் தக்காளித் தோட்டங்களைப் பார்க்கலாம். ஐப்பசியில் ஓர் இரவு கனமழை கொட்டினால், விடிந்ததும் அங்கே விவசாயிகள் முதலில் பார்ப்பது செடி சாய்ந்திருக்கிறதா என்பதை அல்ல, பழம் வெடித்திருக்கிறதா என்பதைத்தான். அப்படி ஒரு காலையைப் பற்றிய கதை இது. இதில் வரும் அப்பா, மகன், தோட்டக்கலை அலுவலர் மூவரும் கற்பனை மனிதர்கள். ஆனால் பழம் வெடிக்கும் விதமும் அதன் காரணமும் எந்தத் தக்காளித் தோட்டத்திலும் கண்ணால் பார்க்கக் கூடியவை.

அப்பா கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பழகியவர். மகன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்கே திரும்பியவன். "அரை ஏக்கர் எனக்கு விடுப்பா, தக்காளி போட்டுப் பாக்குறேன்" என்று கேட்டான். கிணற்றடியை ஒட்டிய அரை ஏக்கரை அப்பா கொடுத்தார். பாருக்குப் பார் 5 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி என்று இடம் விட்டு, சொட்டு நீர்க் குழாய் இழுத்து, ஆடிப்பெருக்குக் கழிந்த கையோடு சுமார் 2,900 நாற்று நட்டான். பெங்களூர்த் தக்காளி என்று மண்டியில் சொல்லும் கெட்டித் தோல் வீரிய ரகம். குச்சி ஊன்றி, கயிறு கட்டி, வாரம் தவறாமல் களை எடுத்தான். ஐப்பசி பிறந்தபோது அடிக்கொத்துகள் செங்காயாக மாறத் தொடங்கின.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு யோசனை சொன்னார். "பழுக்குற நேரத்துல தண்ணிய இறுக்கிப் பிடி தம்பி. அப்பதான் கலரு ஏறும், பழம் கெட்டியா நிக்கும்." மகன் அப்படியே சொட்டு நீரை நிறுத்தினான். எட்டு நாள் செம்மண் காய்ந்தது. மதிய வெயிலில் இலைகள் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தன. பழம் உண்மையிலேயே நல்ல நிறம் பிடித்தது. முதல் பறிப்புக்கு வியாழக்கிழமை ஆள் சொல்லி வைத்திருந்தான். செவ்வாய் இரவு பத்து மணிக்கு மேல் மழை பிடித்தது. விடியற்காலை வரை விடவில்லை. அந்த வட்டாரத்தில் 8 சென்டிமீட்டர் பெய்ததாக மறுநாள் செய்தித்தாளில் வந்தது.

காலையில் தோட்டத்துக்குள் போன மகன் பேச்சற்று நின்றான். காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதியிலிருந்து கீழ்நோக்கி, கத்தியால் கீறியதுபோல் பழங்கள் பிளந்திருந்தன. சிலவற்றில் ஒரு கீறல், சிலவற்றில் மூன்று, நான்கு. உள்ளே சதை தெரிந்தது. வேறு சில பழங்களில் கீறல் நேராக இறங்காமல், காம்பைச் சுற்றி வளையம் வளையமாக ஓடியிருந்தது. அப்பா ஒரு பழத்தைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சி இல்லடா. பூச்சின்னா ஓட்டை இருக்கும், எச்சம் இருக்கும். இது வேற என்னமோ."

மருந்துக் கடையில் ஒருவர் பூஞ்சணம் என்றார். இன்னொருவர் கால்சியம் குறைவு என்று ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். மகன் எதையும் வாங்காமல் உதவித் தோட்டக்கலை அலுவலரைத் தேடிப் போனான். அன்று மதியமே அவர் தோட்டத்துக்கு வந்தார்.

அவர் வெடித்த பழத்தை முதலில் கையில் எடுக்கவில்லை. வெடிக்காததைத் தேடினார்.

"தம்பி, பச்சைக் காயில ஏதாவது வெடிச்சிருக்கா, பாருங்க."

பார்த்தான். ஒரே கொத்தில் கீழே சிவந்த பழம் பிளந்திருக்க, மேலே இருந்த பச்சைக் காய்கள் வழவழவென்று முழுசாக இருந்தன. இரண்டும் ஒரே செடி, ஒரே மழையில் நனைந்தவை. பூஞ்சணமாக இருந்தால் இப்படிப் பழுத்ததை மட்டும், அதுவும் ஒரே இரவில், தோட்டம் முழுவதும் பொறுக்கி எடுக்காது.

"எந்தப் பாருல வெடிப்பு குறைவா இருக்கு?"

இதை அவன் கவனித்திருக்கவில்லை. பார் பாராக நடந்தார்கள். கிணற்றுப் பக்கத்துக் கடைசிப் பாரில் பத்துப் பதினைந்து செடிகளில் மட்டும் பழங்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன. அங்கே தரையைப் பார்த்ததும் அவனுக்கே விளங்கியது. அந்த இடத்தில் பிரதானக் குழாயின் இணைப்பு ஒழுகிக்கொண்டே இருந்தது. சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது. மற்ற செடிகள் எட்டு நாள் காய்ந்தபோது இந்தச் செடிகள் மட்டும் ஈரத்தில் நின்றிருக்கின்றன.

"மேடம், அப்ப மழை அதிகமானதால வெடிக்கலையா? இங்கயும் அதே மழைதானே பேஞ்சுது?"

"மழை ஒரு பாதி. அதுக்கு முன்னால நீங்க காயப் போட்டது இன்னொரு பாதி."

இந்த வெடிப்பின் கதையே இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

தக்காளிப் பழத்தில் 100 பங்குக்கு 94 பங்கு தண்ணீர்தான். பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்த முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பழத்தின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதன்பிறகு எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற செல்களே தண்ணீரையும் சர்க்கரையும் வாங்கி வாங்கிப் பருக்கின்றன. தோலும் அதற்கு ஈடுகொடுத்து விரிகிறது. காய் முற்றிப் பழுக்கத் தொடங்கும்போது இந்த ஒத்துழைப்பு முறிந்துவிடுகிறது. உள்ளே சதை இளகுகிறது. வெளியே தோலின் மேல் படிந்துள்ள மெழுகுப் படலம் தடித்து விறைக்கிறது. வெயிலில் கிடந்த பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் நீளாமல் அறுந்துவிடுமே, பழுத்த தக்காளியின் தோலும் அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. பச்சைக் காயின் தோலுக்கு இன்னும் இழுவை இருக்கிறது. அதனால்தான் ஒரே கொத்தில் காய் தப்பியது, பழம் பிளந்தது.

எட்டு நாள் தண்ணீர் நின்றபோது செடி தன் வளர்ச்சியை அடக்கிக்கொண்டது. பழமும் பருக்காமல் நின்றது. தோல் அந்த அளவுக்கே இறுகிவிட்டது. அந்த இரவில் வந்த தண்ணீர் எவ்வளவு என்று அலுவலர் மகனையே கணக்குப் போடச் சொன்னார். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். அதன்மேல் 8 சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 1,60,000 லிட்டர். செடிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் அவன் முன்பு சொட்டு நீரில் விட்டுவந்தது ஒரு நாளைக்கு 4,350 லிட்டர். ஒரு மாதத்துக்கும் மேலான தண்ணீர் ஒரே ராத்திரியில் தோட்டத்தின் மேல் விழுந்திருக்கிறது. பாதி வழிந்து ஓடியிருந்தாலும் மீதியே காய்ந்து கிடந்த வேருக்கு மிக அதிகம்.

அது இரவில் விழுந்தது என்பதும் முக்கியம். பகலில் வேர் உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பங்கை இலைகள் ஆவியாக வெளியே விட்டுவிடுகின்றன. இருட்டில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. மழை நேரத்துக் காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆனால் வேர் நிற்பதில்லை. உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இலை வழியே போக முடியாத தண்ணீர் பழத்துக்குள் அழுத்தத்தோடு ஏறுகிறது. பழுத்த பழத்தில் சர்க்கரை கூடியிருப்பதால் அதுவும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. தக்காளித் தோலில் இலையில் இருப்பதுபோன்ற துளைகள் கிடையாது. உள்ளே போன தண்ணீர் அவசரத்துக்கு வெளியேற வழியில்லை. தோல் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது. அந்தப் பலவீனமான இடம் பெரும்பாலும் காம்பைச் சுற்றிய தோள்தான்.

இதை மகன் அடுத்த நாள் காலையில் கண்ணாலேயே பார்த்தான். புதன் இரவு மழை இல்லை. இருந்தும் வியாழன் விடியலில் இலை விளிம்புகளில் வரிசையாக நீர்த்துளிகள் நின்றன. அது பனியும் இல்லை, மழையும் இல்லை. வேர் தள்ளிய தண்ணீர் இலை ஓரத்தின் வழியே கசிந்து நின்றது. அன்றும் புதிதாகச் சில பழங்கள் வெடித்திருந்தன. மழை நின்ற பிறகும் ஒன்றிரண்டு நாள் வெடிப்பு தொடர்வதற்குக் காரணம் இதுதான். 'மழைதான் விட்டுவிட்டதே, நிதானமாகப் பறிக்கலாம்' என்று இருப்பவர்கள் இரண்டாம் முறையும் இழக்கிறார்கள்.

வேர் மட்டுமே வழி என்றும் சொல்ல முடியாது. காம்புக்கு அடியில் பழத்தின் தோளில் ஒரு சிறு குழி இருக்கும். மழைநீர் அங்கே தேங்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் வழியாக நேராகவே உள்ளே ஊறும். தக்காளிக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்டு மழையைத் தடுக்கும் விவசாயிகளிடம் வெடிப்பு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நிழல்வலை இதற்கு உதவாது. அது வெயிலைத்தான் குறைக்கும், மழை அதன் வழியே இறங்கிவிடும்.

சாலையோரப் பாரில் வெடிப்பு மற்ற இடங்களைவிட மோசமாக இருந்தது. அதற்கும் அலுவலர் காரணம் கேட்டார். அங்கே காற்றோட்டத்துக்காக அவன் கீழ் இலைகளை நிறையக் கிள்ளியிருந்தான். பழங்கள் நேர் வெயிலில் நின்றிருந்தன. வெயில் நேராகப் படும் பழத்தின் தோல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். வளைய வெடிப்பு அதிகம் இருந்ததும் அந்தப் பாரில்தான். மண்ணைத் தொடும் இலைகளையும் நோய் பிடித்த இலைகளையும் எடுக்கலாம். பழத்தை மூடியிருக்கும் இலையைத் தொடக் கூடாது.

"உரம் என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"காய் பெருசாகட்டும்னு ரெண்டு வாரம் முன்னால யூரியா சேத்து விட்டேன் மேடம்."

அதுவும் உதவியிருக்காது. தழைச்சத்து மிகுந்து சாம்பல்சத்து குறைந்தால் பழம் வேகமாகப் பருக்கும், தோல் திடம் பெறாது. காய்க்கும் பருவத்தில் யூரியாவை அளவோடு நிறுத்தி, பொட்டாஷைச் சொட்டு நீர் வழியாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. போரான் குறைவும் வெடிப்பைக் கூட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளிக்கு அடியுரத்தோடு ஹெக்டேருக்கு 10 கிலோ போராக்ஸ் இடச் சொல்கிறது. ஏக்கருக்கு 4 கிலோ. இதைக் கூட்டிப் போட்டால் செடிக்கே நஞ்சாகும். போரான் குறைவால் வரும் வெடிப்புக்கு மழை தேவையில்லை. இலை மொரமொரப்பாகி, குருத்து கருகி, காயில் தக்கைபோன்ற சொரசொரப்பு தெரியும். மகனின் தோட்டத்தில் இந்த அடையாளம் எதுவும் இல்லை.

கடைக்காரர் நீட்டிய கால்சியம் புட்டியைப் பற்றியும் அப்பா கேட்டார். கால்சியக் குறைவு தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் வேறு. பழத்தின் அடிப்பக்கம், அதாவது பூ உதிர்ந்த முனை, கறுத்துக் குழிவிழும். அதற்கும் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாதது காரணம் இல்லை. ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் வெள்ளம் என்று தண்ணீர் மாறி மாறிப் போனால் கால்சியம் காய்க்குள் சீராகப் போய்ச் சேராது. மழைக்குப் பிறகு தெளிக்கும் எந்த மருந்தும் வெடித்த தோலை ஒட்டவைக்காது.

இனி பக்கத்துத் தோட்டக்காரரின் யோசனைக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலைக்குச் சாறு பிழியத் தக்காளி வளர்க்கும் இடங்களில், அறுவடைக்கு முன் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் உண்மையிலேயே உண்டு. அதனால் பழத்தில் சர்க்கரையும் சதைப்பற்றும் கூடும். ஆனால் அங்கே தோட்டம் முழுவதையும் ஒரே முறையில் அறுத்துவிடுவார்கள். அந்தச் சமயத்தில் மழை வராத காலமாகப் பார்த்துப் பயிரிடுவார்கள். நம் தோட்டத்தில் வாரம் இருமுறை என்று ஒன்றரை, இரண்டு மாதம் பறிக்கிறோம். ஒரே செடியில் பூவும் பிஞ்சும் காயும் பழமும் ஒன்றாக நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை எந்த இரவு இறங்கும் என்று சொல்ல முடியாது. இங்கே தண்ணீரை இறுக்கிப் பிடிப்பது மழைக்கு வெடி மருந்தைத் தயார் செய்து கொடுப்பதுதான். நல்ல யோசனையை இடம் மாற்றி வைத்ததால் ஒரு பறிப்பு போனது என்பது என் முடிவு.

அன்று மாலைக்குள் அவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருந்தது. பாருக்கு நடுவே தேங்கிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி வெளியே விட்டார்கள். பழத்தை மூன்றாகப் பிரித்துப் பறித்தார்கள். முழுப் பழமும் செங்காயும் ஒரு பக்கம். மேலோட்டமாகக் கீறி, ஈரம் காய்ந்திருந்தவை இன்னொரு பக்கம். இவை நாலைந்து நாள் தாங்காது, அன்றே சமைத்தால் குறை ஒன்றும் இல்லை என்பதால் ஊரிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைந்த விலையில் போயின. ஆழமாகப் பிளந்து புளித்த வாடை அடித்தவை மூன்றாவது. அவற்றைச் செடிக்கு அடியிலேயே போட்டுவிடுவதுதான் பலரும் செய்வது. அந்தப் பிளவில் பூஞ்சணம் ஏறும், பழ ஈ முட்டையிடும், அங்கிருந்து நல்ல பழத்துக்குப் பரவும். குழி வெட்டிப் புதைத்தார்கள். நனைந்த பழத்தை அப்படியே கிரேட்டில் அடுக்காமல், நிழலில் பரப்பிக் காற்றில் உலர்த்தியே மண்டிக்கு அனுப்பினார்கள். ஒரு கிரேட்டில் ஈரத்தோடு போகும் ஒற்றை வெடிப்புப் பழம் அந்தக் கிரேட்டையே கெடுத்துவிடும்.

அலுவலர் கிளம்பும்போது மகனிடம் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுப் போனார். தினமும் காலையில் செடிக்குப் பக்கத்தில் அரை அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உருண்டையாகப் பிடிபட்டு, விரலிடுக்கில் தண்ணீர் கசியாமல் இருந்தால் ஈரம் போதும். பிடிபடாமல் உதிர்ந்தால் தண்ணீர் விட வேண்டும். செம்மண்ணில் ஈரம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை நிறைய விடுவதைவிடத் தினமும் காலையில் கொஞ்சமாக விடுவது பொருந்தும். கரிசல் மண் தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைக்கும், அங்கே இடைவெளி கூடலாம். சாயங்காலம் தண்ணீர் விடுவதைத் தவிர்ப்பது நல்லது. ராத்திரியில் அது பழத்துக்குள்தான் போகும்.

அப்பா தன் பங்குக்குக் கரும்புச் சோகையைக் கொண்டுவந்து பாரெங்கும் பரப்பினார். மண் காய்வதும் குறையும், மழை ஒரேயடியாக இறங்குவதும் குறையும். நடுவதற்கு முன்பே நிலப்போர்வை விரித்திருந்தால் இன்னும் நல்லது. அடுத்த போகத்துக்கு அதை வாங்குவதென்று இருவரும் பேசி வைத்தார்கள்.

ஐப்பசி கடைசியில் மறுபடியும் கனமழை அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை சொட்டு நீர் ஓடிக்கொண்டிருந்த தோட்டம். அறிவிப்பு வந்த அன்றே ஆள் விட்டு, நிறம் மாறத் தொடங்கிய செங்காய் வரை எல்லாவற்றையும் பறித்தான் மகன். தக்காளிக்கு ஒரு வசதி உண்டு. முற்றி நிறம் திரும்பத் தொடங்கிய காய், செடியை விட்டுப் பிரிந்தாலும் தானே பழுத்துவிடும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் போதும். 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் சிவப்பு சரியாகப் பிடிக்காமல் மஞ்சளடிக்கும். நிறம் திரும்பாத பச்சைக் காயைச் செடியிலேயே விட்டான்.

மழை பெய்தது. காலையில் போய்ப் பார்த்தபோது விட்டுப்போன சில பழங்கள் மட்டும் வெடித்திருந்தன. மெல்லிய தோலுள்ள நாட்டுத் தக்காளி என்றால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும். கெட்டித் தோல் ரகமும் முழுக்கத் தப்பாது. திறந்த வெளியில் மழையை முழுதாக வெல்ல வழி இல்லை. இழப்பைக் குறைக்க வழி உண்டு.

வீட்டு மாடியில் நாலு தொட்டியில் தக்காளி வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். தொட்டி மண் நிலத்தைவிட வேகமாகக் காயும் என்பதால் அங்கே வெடிப்பு இன்னும் எளிது. மழை அறிவிப்பைக் கேட்டதும் 'எப்படியும் மழை வருமே' என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடாதீர்கள். வழக்கமான தண்ணீரை ஊற்றுங்கள், செங்காய்களைப் பறித்து உள்ளே வையுங்கள், தொட்டியை மழை நேராகப் படாத இடத்துக்கு நகர்த்துங்கள்.